தண்ணீரைக் கொட்டிய பிறகும் தோங்கில் புழு வருவது ஏன்?

"ஐயா, பேராக்கில் பழைய தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு பட்டணத்தில், நான்கு மாடி அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். தண்ணீர்த் தடை அடிக்கடி வருவதால் பால்கனியில் ஒரு 200 லிட்டர் நீலத் தோங்கில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். வாரந்தோறும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கிறோம், ஏபேட் மருந்தும் ஒரு சிட்டிகை போடுகிறோம். ஆனாலும் போன வாரம் சோதனைக்கு வந்தவர்கள் அதில் கொசுப்புழு கண்டு அபராதம் எழுதிவிட்டார்கள். எங்கள் தவறு எது? மொட்டைமாடித் தொட்டியிலிருந்து புழு வருமா?"

நீங்கள் சோம்பியிருந்ததால் இது நேரவில்லை. செய்த வேலையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீர் தொட்டு நிற்கும் கோட்டுக்குச் சற்று மேலே, ஈரம் படிந்த சுவரில்தான் ஒட்டி வைக்கிறது. நீங்கள் கொட்டியது தண்ணீரை. முட்டைகள் தோங்கின் உட்சுவரிலேயே இருந்தன, புதுத் தண்ணீர் அவற்றின் மேல் ஏறியது, அவை பொரிந்தன. பொதுச் சுகாதாரப் பணியில் இருந்த காலம் முழுவதும் நான் தோங்குகளையும் தொட்டிகளையும் எட்டிப் பார்த்தே நாளைக் கழித்தவன். உங்களைப் போல வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றியும் அபராதம் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த ஒரு விஷயத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

தோங்கை வெயிலில் சாய்த்து வைத்துக்கொண்டு, உள்ளே கைவிளக்கை அடித்துச் சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு மங்கலான வளையம் தெரியும். அதற்கு ஒரு விரல் அகலம் மேலே, பிளாஸ்டிக்கின் சொரசொரப்பிலும் கீறல்களிலும், கரித்தூளை ஈரக் கையால் தடவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவற்றை அழுக்கு என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஒரு முட்டை. இடும்போது வெள்ளையாக இருக்கும். சில மணி நேரத்தில் கறுத்துவிடும். ஒரு பெண் கொசு ஒரு தடவை ரத்தம் குடித்தால் ஏறத்தாழ நூறு முட்டை வரை இடும், ஆனால் அத்தனையையும் ஒரே இடத்தில் இடாது. உங்கள் தோங்கில் கொஞ்சம், அடுத்த வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் கொஞ்சம், மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பழைய டயரில் கொஞ்சம் என்று பிரித்து வைக்கும். ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது என்று அதிகாரிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முட்டைக்குள் கரு வளர இரண்டு நாள் போதும். அதன் பிறகு சுவர் காய்ந்தாலும் முட்டை சாகாது. தோங்கைக் கவிழ்த்து, காய வைத்து, கிடங்கில் போட்டு, ஆறு மாதம் கழித்து எடுத்துத் தண்ணீர் நிரப்பினால்கூட அவற்றில் ஒரு பகுதி பொரியும். தண்ணீர் மேலேறி முட்டையை மூழ்கடிக்கும்போது அதைச் சுற்றியுள்ள நீரில் உயிர்வளி குறைகிறது. அந்தக் குறைவுதான் பொரியச் சொல்லும் சைகை. எல்லா முட்டையும் முதல் நனைப்பிலேயே பொரிவதும் இல்லை. சில அடுத்த நனைப்புக்காகக் காத்திருக்கும். தண்ணீரைக் கொட்டுவது, நிரப்புவது, மறுபடி கொட்டுவது என்ற சுற்றில் ஒவ்வொரு வாரமும் சில புழுக்கள் வந்துகொண்டே இருப்பது அதனால்தான்.

இப்போது உங்கள் வீட்டுக் கதையை நாள்வாரியாக வைத்துப் பார்ப்போம். இதேபோன்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறி வந்தவர்கள். அவர்களிடமும் 200 லிட்டர் நீலத் தோங்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோங் நிறைந்து நின்றது. திங்கள் முதல் தண்ணீர்த் தடை. குளிக்கவும் கழிவறைக்கும் எடுத்ததில் புதன்கிழமைக்குள் தண்ணீர் பாதிக்கு இறங்கிவிட்டது. மேல் பாதிச் சுவர் ஈரமாகவே இருந்தது. மூடியாக ஒரு பலகையைச் சாத்தியிருந்தார்கள். பலகைக்கும் தோங்கின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பாதித் தண்ணீர், இருட்டு, ஈரச்சுவர், நுழைய வழி ஆகியவை சேர்ந்த இடம் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டிலேயே மிகப் பிடித்த இடம். புதனும் வியாழனும் அது பாதிக்கோட்டை ஒட்டி முட்டையிட்டது. சனிக்கிழமை விநியோகம் திரும்பியது. வீட்டு அம்மா மிகப் பொறுப்பானவர். எஞ்சிய பாதித் தண்ணீரைக் கழிவறையில் கொட்டிவிட்டு, தோங்கை ஒரு தடவை அலசி, குழாயைத் திறந்து விளிம்பு வரை நிரப்பினார். அலசியதில் முட்டைகள் போகவில்லை. அவை சுவரில் ஒட்டியிருப்பதே அப்படிப்பட்ட பிடிப்போடுதான். பாதிக்கோட்டில் இருந்த முட்டைகள் எல்லாம் இப்போது முழங்கை ஆழத்துக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தன. ஞாயிறு காலையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் புழுக்கள் பொரிந்திருந்தன. செவ்வாய்க்கிழமை வந்த சோதனைக் குழுவின் விளக்கில் அவை தெரிந்துவிட்டன.

"நேற்று முந்தா நாள் பிடித்த தண்ணீரில் புழு எப்படி வரும்?" என்று அந்த அம்மா அழாக்குறையாகக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். புழு குழாய்த் தண்ணீரோடு வரவில்லை. தடைக்கால நாட்களில் சுவரில் சேர்ந்தது, தடை நீங்கிய நாளில் விழித்தது. உங்கள் கேள்வியைப் படித்தபோதும் எனக்கு அதுவே தோன்றியது. உங்கள் வீட்டில் புழு கண்ட தேதிக்கு மூன்று நான்கு நாளுக்கு முன்னால் விநியோகம் திரும்பியதா என்று நாட்காட்டியில் பாருங்கள்.

விடுபட்ட படி தேய்ப்பது. தோங்கில் பழைய தண்ணீர் இருக்கும்போதே, தண்ணீர்க்கோட்டிலிருந்து விளிம்பு வரையுள்ள சுவரைத் தேய்க்கத் தொடங்குவது சிலருக்கு எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் தண்ணீரை முழுவதும் வெளியேற்ற வேண்டும். பிறகு துணி துவைக்கும் கடினமான பிரஷ்ஷையோ தேங்காய் நாரையோ எடுத்து, அடியிலிருந்து விளிம்பு வரை, குறிப்பாக நடுப்பகுதியிலும் உள்மடிப்புகளிலும், கை வலிக்கும் அளவுக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். பஞ்சும் மென்துணியும் முட்டையின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். சொரசொரப்பான பழைய தோங்காக இருந்தால், வீட்டு பிளீச்சையும் சலவைத் தூளையும் குழம்பாகக் குழைத்து, தண்ணீர்க்கோட்டுக்கு மேலே உள்ள பட்டையில் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் முட்டையின் ஓடே அரிக்கப்பட்டுவிடும். அந்த வேளையில் கழிவறை கழுவும் அமிலத் திரவத்தையோ அம்மோனியா கலந்த எதையுமோ அதோடு சேர்க்கக் கூடாது. மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பால்கனிக் கதவைத் திறந்து வையுங்கள், பிறகு இரண்டு மூன்று தடவை நன்றாக அலசுங்கள்.

தேய்த்த தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. பிரஷ்ஷில் உதிர்ந்த முட்டைகள் உயிரோடுதான் இருக்கும். பால்கனித் தரையில் ஊற்றினால் அவை மூலையிலுள்ள வடிகுழியில் தங்கும், அங்கே தேங்கி நிற்கும் ஒரு கிண்ணம் தண்ணீர் அவற்றுக்குப் போதும். கீழே கொண்டுபோய் வெயில் படும் மண்ணிலோ புல்லிலோ ஊற்றுங்கள். மண் உறிஞ்சிய பிறகு அங்கே தண்ணீர் தேங்கப் போவதில்லை. பிரஷ்ஷையும் கொதிநீரில் அலசி வெயிலில் காய வையுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்றால், வாரம் ஒரு முறை. அந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நாள் தவறாது. நம் ஊர்ச் சூட்டில் முட்டை பொரிந்ததிலிருந்து புழுவாக ஐந்து முதல் ஏழு நாள், அதன் பிறகு கூட்டுப்புழுவாக ஏறத்தாழ இரண்டு நாள், அதற்குப் பிறகு பறக்கும் கொசு. ஏழாம் நாளுக்குள் சுவரைத் தேய்த்துத் தண்ணீரை மாற்றினால் எதுவும் பறந்து வெளியே போகாது. ஒன்பதாம் பத்தாம் நாள் வரை போனால் வீட்டுக்குள்ளேயே கொசு கிளம்பிவிடும். இந்தக் கொசு தொலைதூரம் பறப்பதில்லை, பெரும்பாலும் பிறந்த கட்டடத்தையும் அதைச் சுற்றிய நூறு இருநூறு மீட்டரையும் விட்டு நகராது. உங்கள் மாடியில் ஒருவருக்கு டிங்கி என்றால், கடித்த கொசுவின் பிறப்பிடம் பக்கத்திலேயே இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

அடுத்தது நீங்கள் போடும் ஒரு சிட்டிகை ஏபேட். அந்தப் பொட்டலத்தில் இருப்பது டெமிஃபாஸ் என்ற மருந்து ஒரு விழுக்காடு மட்டும் கலந்த மணல். அளவு, பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம். உங்கள் 200 லிட்டர் தோங்குக்கு இருபது கிராம் வேண்டும். சிட்டிகை என்பது ஒரு கிராம் இருந்தாலே அதிகம். அதாவது வேண்டியதில் இருபதில் ஒரு பங்கைப் போட்டுவிட்டு மருந்து போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். சமையலறைத் தராசில் நிறுத்து, மெல்லிய துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிட்டால் மணல் அடியில் பரவாமல் இருக்கும். தோங்கைக் கழுவும்போது முடிச்சை எடுத்து வைத்து மறுபடி போடலாம். தண்ணீர் அசையாமல் நிற்கும் இடத்தில் இது இரண்டு மூன்று மாதம் வேலை செய்யும். ஆனால் நீங்கள் தினமும் எடுத்து, வாரம் ஒரு முறை முழுவதும் மாற்றும் தோங்கில் மருந்து நீர்த்துக்கொண்டே போகும். வாரந்தோறும் தேய்த்துக் கழுவும் தோங்குக்கு மருந்து தேவையே இல்லை என்பது என் கருத்து. கழுவ முடியாத இடத்துக்குத்தான் அது: மூடப்பட்ட வீட்டின் தொட்டி, சிமெண்டால் கட்டிய பழைய குளியலறைத் தொட்டி, வடியாமல் தேங்கும் மழைநீர்க் குழி.

மருந்துக்கு இன்னோர் எல்லையும் உண்டு. கொசுவின் கூட்டுப்புழு, அதாவது காற்புள்ளிபோல வளைந்து மேற்பரப்பில் மிதந்துகொண்டிருக்கும் உருண்டைத் தலையுள்ள உயிர், எதையும் உண்பதில்லை. டெமிஃபாஸ் அதைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தோங்கில் அப்படிப்பட்டவை தெரிந்தால் மருந்து போட்டுக் காத்திருப்பது வீண். அன்றே தண்ணீரை வெளியே எடுத்து வெயில் மண்ணில் ஊற்றிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு நாளில் கொசுவாகிவிடும். சில பகுதிகளில் புழுக்களே இந்த மருந்துக்கு ஓரளவு பழகிவிட்டதும் நம் நாட்டில் பதிவாகியிருக்கிறது. சரியான அளவு போட்டு ஒரு நாள் கழித்தும் புழு துள்ளிக்கொண்டிருந்தால் கூடுதலாகப் போட வேண்டாம், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

புழுவைச் சரியாக அடையாளம் காணாமல் பயந்தவர்களும் உண்டு, பயப்பட வேண்டியதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்களும் உண்டு. கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும்; வாலில் உள்ள சிறு குழாயை மேற்பரப்பில் நீட்டி மூச்சு வாங்கும். நிழல் விழுந்தால் அல்லது தோங்கைத் தட்டினால் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விடும். அதனால் மூடியைத் திறந்தவுடனே எட்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று மூடக் கூடாது. விளக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மூச்சு வாங்க அவை மேலே வந்தாக வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு கை மொண்டு பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மேலே சருகுபோல மெல்லிய ஓடுகள் மிதந்தால், கூட்டுப்புழுவிலிருந்து கொசு வெளியேறிவிட்டது என்று பொருள். மாறாக, தொட்டியின் அடியில் சேற்றில் ரத்தச் சிவப்பாக நெளிபவை கொசுப்புழுக்கள் அல்ல. அவை கடிக்காத ஒரு சிறு பூச்சியின் புழுக்கள். தொட்டியைக் கழுவ வேண்டும் என்பதற்கு அடையாளம், டிங்கிக்கு அடையாளம் அல்ல.

வயதில் மூத்தவர்கள் பலர் என்னிடம், "கால்வாயைச் சுத்தம் பண்ணினால் போதும், தோட்டத்தில் டிரெசர் அதைத்தான் பண்ணினார்" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது வேறொரு நோய்க்குப் பொருந்தியது. தோட்டத்து மக்களை அந்தக் காலத்தில் கொன்று குவித்தது மலேரியா. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து அந்த நோயைக் குறைத்துக் காட்டினார். மலைப்பாங்கான தோட்டங்களில் ஓடைகளுக்கு எண்ணெய் தெளித்தார்கள். அந்தக் கொசு அனோஃபிலிஸ், அது இரவில் கடிப்பது, ஓடையிலும் சதுப்பிலும் வளர்வது. ஏடிஸ் ஈஜிப்தி வீட்டைச் சார்ந்தது. தெளிந்த, தேங்கிய, சிறிய நீரைத் தேடும். காலையிலும் மாலையிலும்தான் மும்முரமாகக் கடிக்கும். கால்வாய் அடைத்துக்கொண்டால் கியூலெக்ஸ் கொசுவும் நாற்றமும் வரும், ஆகவே அதைச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் டிங்கிக்கான வேலை வீட்டுக் கதவுக்கு உள்ளே இருக்கிறது. ஏடிஸின் இன்னொரு வகை, உடலில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும் அல்போபிக்டஸ், வெளியே மரஞ்செடிகளை ஒட்டி வாழும். வெட்டாமல் விட்ட பால்மரக் காட்டில், மரத்தில் மாட்டியபடியே கிடக்கும் மங்குகளில் மழைநீர் தேங்கினால் அது பெருகும். உங்கள் பட்டணத்துக்குப் பக்கத்தில் அப்படி விடப்பட்ட காடு இருந்தால் குடியிருப்பாளர் சங்கத்தின் மூலம் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதி, மங்குகளைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். வெட்டும் மரத்தில் தேங்க வழியில்லை, வெட்டுபவர் அடிக்கடி மங்கைத் தொடுகிறார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து புழு வரலாம், அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. சமையலறைக் குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பைபோலக் கட்டி, பத்து நிமிடம் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பிடித்த தண்ணீரைத் துணி துவைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிறகு துணியை அவிழ்த்து வெயிலில் விரித்துப் பாருங்கள். அதில் புழுவோ அதன் தோலோ கிடந்தால் தொட்டி திறந்திருக்கிறது. தெருக் குழாயிலிருந்து நேரடியாக வரும் தண்ணீரில் புழு இருக்காது. தொட்டி வழியாக வரும் குழாய், நேராக வரும் குழாய் இரண்டும் உங்கள் வீட்டில் இருந்தால் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள், வேறுபாடு தெரிந்துவிடும்.

தொட்டியில் கெடும் இடங்கள் மூன்றுதான். முதலாவது மூடி. காற்றில் பறந்துவிடாமல் மேலே கல்லை வைப்பார்கள். அந்தப் பாரத்தில் மூடி நடுவே குழிந்து, மழைநீர் ஒரு தட்டுபோல மேலேயே தேங்கும். உள்ளே ஒரு புழுவும் இல்லாத தொட்டியின் மூடிமேல் இருந்த குழியில் நான் முந்நூறுக்கு மேல் புழு எண்ணியிருக்கிறேன். அதற்குக் கல்லை எடுத்துவிட்டு, திருகி மூடும் மூடியை மாட்டவோ, கம்பியால் பக்கவாட்டில் கட்டவோ வேண்டும். இரண்டாவது, நிரம்பி வழிவதற்காக வைத்த குழாய். மூடி சரியாக இருக்கும் தொட்டியிலும் கொசு இதன் வழியாக நுழையும். ஒன்றேகால் மில்லிமீட்டருக்கும் சிறிய கண் கொண்ட, துருப்பிடிக்காத கம்பி வலையை அதன் வாயில் கட்டிவிட்டால் தீர்ந்தது. நைலான் வலை வெயிலில் ஓராண்டுக்குள் பொடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மலிவு என்று அதைப் போடாதீர்கள். மூன்றாவது மிதவை. அது தேய்ந்து நிற்காமல் போனால் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், மொட்டைமாடித் தளத்தில் எப்போதும் ஈரக்குட்டை ஒன்று நிற்கும். அந்தக் குட்டைதான் இரண்டாவது வளர்ப்பிடம். தரையில் ஒரு வாரத்துக்கு மேல் காயாமல் நிற்கும் குழி எதுவாக இருந்தாலும் சிமெண்டு பூசிச் சரிவாக்கிவிடுவதுதான் நிரந்தரமான வழி. மழைநீர் வடியும் வாயில் சருகும் இறகும் அடைத்திருக்கிறதா என்று மாதம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

பெரிய தொட்டியில் ஏபேட் போடச் சொல்லிச் சிலர் வற்புறுத்துவார்கள். 200 கேலன் தொட்டி ஏறத்தாழ 900 லிட்டர், அதற்குத் தொண்ணூறு கிராம் வேண்டும், தினமும் தண்ணீர் மாறிக்கொண்டிருக்கும் தொட்டியில் அது எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. சரியான மூடியும் வலையும் போட்டால் போதும். மொட்டைமாடித் தொட்டி பொதுவான இடம் என்பதால் இந்தச் செலவும் பொறுப்பும் கட்டட நிர்வாகக் குழுவுக்கு. உங்கள் பால்கனியோ உங்களுக்கு.

பால்கனியில் தோங்கை விட்டால் சிறியவை பல இருக்கின்றன, அவை எளிதில் தீரும். துளசித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, சாடியில் வளர்க்கும் மணிபிளாண்ட், குளிரூட்டியின் தண்ணீர் சொட்டும் வாளி, குளிர்பதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, துணி உலர்த்தும் குழாயின் திறந்த முனை. தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணலை விளிம்பு வரை நிரப்பிவிடுங்கள், நீர் தனியாக நிற்காது. துணிக்குழாயின் முனையை அடைப்பால் மூடுங்கள். பூஜை மேடைக் கலசத்துத் தண்ணீரை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளி மாற்றுபவர்கள் செம்பின் உட்புறத்தையும் சாம்பல் அல்லது புளியால் தேய்த்துவிட்டால் போதும்.

அடுத்து நான் அதிகம் கவலைப்படுவது பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி. நம் தோட்டத்துப் பட்டணங்களில் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். பெற்றோரும் பேரக்குழந்தையைப் பார்க்கப் போனால் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். குளியலறைத் தொட்டி, பின்கட்டில் நிறைந்த வாளி, கழிவறைக் கிண்ணம் ஆகிய மூன்றும் அங்கே கேட்பாரற்று நிற்கும். நீங்கள் வெளியூர் போனால் தொட்டியை வடித்துத் தேய்த்து, வாளியைக் கவிழ்த்து, கழிவறை மூடியை மூடி ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டுப் போங்கள். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. உங்கள் வரிசையில் ஏற்கனவே பூட்டிக் கிடக்கும் வீடு இருந்தால், அதன் எண்ணையும் உரிமையாளரின் தொடர்பையும் நிர்வாகக் குழு எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் பொரியும் கொசு உங்கள் பால்கனிக்கு வர அதிக நேரம் ஆகாது.

புகை அடித்தாயிற்றே, ஏன் இத்தனை வேலை என்று கேட்பவர்களும் உண்டு. புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டும் கொல்கிறது. அதுவும் புகை தொட்ட கொசுவை. தோங்கிலுள்ள புழுவையும் சுவரில் ஒட்டிய முட்டையையும் அது தொடாது. புகை அடித்த மறுநாள் கொசு குறைந்ததாகத் தெரியும், ஒரு வாரத்தில் தோங்கிலிருந்து புதிய கொசு கிளம்பும். ஆகவே டிங்கி நோயாளி கண்ட வீட்டைச் சுற்றிப் புகை அடிக்கும்போது, அதே நாளில் எல்லா வீட்டுச் சுவர்களையும் தேய்த்தால்தான் அந்தப் புகைக்குப் பலன் உண்டு. கதவை அடைத்துக்கொள்ளாமல் அவர்கள் சொல்வதுபோலத் திறந்து வையுங்கள்.

அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975-இன் படி, புழு வளர இடம்கொடுத்தவர் வீட்டில் குடியிருப்பவரே. தெரியாமல் நேர்ந்தது என்பது விலக்கல்ல. அதிகாரி எழுதக்கூடிய சமரசத் தொகை 500 ரிங்கிட் வரை, நீதிமன்றத்துக்குப் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே குறித்த தேதிக்குள் கட்டிவிடுங்கள், மேல்முறையீடு செய்வதானால் அந்தத் தாளில் குறித்த அலுவலகத்திலேயே கேளுங்கள். அடுத்த சோதனைக்கு முன் தோங்கைச் சரிசெய்வது அதைவிட முக்கியம்.

அதற்கு இன்றே தொடங்குங்கள். தோங்கின் வெளிப்பக்கத்தில் அழியாத மார்க்கரால் மேலிருந்து கீழ்வரை அங்குலக் கோடுகள் போட்டு, அடுத்த தண்ணீர்த் தடை முடியும் நாளில் தண்ணீர் எந்தக் கோட்டில் நின்றதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் மேலும் கீழும் உள்ள பட்டையை இரண்டு மடங்கு அழுத்தித் தேய்த்துவிட்டுக் குழாயைத் திறவுங்கள். மூடியாகப் பலகை வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியை இரட்டையாக விரித்து, விளிம்பைச் சுற்றிச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். துணி நடுவே தொய்ந்தால் மழைநீர் தங்கும், ஆகவே நடுவில் ஒரு குச்சியை நிறுத்திக் கூரைபோல உயர்த்திக் கட்டுங்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் விளக்கை அடித்து இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். சுவரை நன்றாகத் தேய்த்த தோங்கில் ஏழாம் நாளும் புழு தெரிந்தால், அது சுவரிலிருந்து வரவில்லை. அன்றைக்கே குழாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதில் கிடப்பதைச் சிறு கண்ணாடிப் புட்டியில் பிடித்து, கட்டட எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி நிர்வாகக் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.